லாரித் தண்ணீரின் விலை எங்கே தீர்மானமாகிறது?

சென்னைப் புறநகரில் லாரித் தண்ணீர் வாங்கும் குடியிருப்புகள் பெரும்பாலும் தண்ணீருக்கு அல்ல, பயணத்துக்கே பணம் கொடுக்கின்றன.

ஒரு கணக்குப் போடுவோம். கிணறு 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. லாரி காலியாகத் திரும்புவதால் ஓட்டம் 40 கிலோமீட்டர். 12,000 லிட்டர் லாரிக்குத் தண்ணீர் 600 ரூபாய், டீசல் 950, ஆள்கூலி 400, தேய்மானம் 250 என்று வைத்தால் மொத்தம் 2,200 ரூபாய். லிட்டருக்குச் சுமார் 18 காசு. 6,000 லிட்டர் லாரியில் தண்ணீர்ச் செலவு பாதியாகும். ஆள்கூலி குறையாது, டீசலும் தேய்மானமும் சற்றே குறையும். 1,660 ரூபாய் ஆகிவிடும். லிட்டருக்கு 28 காசு.

தினமும் 12,000 லிட்டர் தேவைப்படும் குடியிருப்பில் தொட்டி சிறியதாக இருந்தால், சிறிய லாரி இருமுறை வரவேண்டும். நாளுக்கு 1,120 ரூபாய் கூடுதல். தொட்டியைப் பெரிதாக்கும் செலவை இதோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள்.

அளவையும் சரிபாருங்கள். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலமுள்ள தொட்டியில் 12,000 லிட்டர் விட்டால் மட்டம் 2 மீட்டர் உயரவேண்டும். 1.8 மீட்டர்தான் உயர்ந்தால் 1,200 லிட்டர் குறைவு. இறக்கும் நேரத்தில் மோட்டாரை நிறுத்திவிட்டு அளந்த பிறகே பணம் கொடுங்கள்.