தொழிற்கூடத்தில் ஒரு கும்பல் தாக்குதல்

வட்டமிடும் பருந்தைக் காக்கைகள் ஒன்றுகூடி விரட்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பறவைகளின் இத்தகைய செயலை விலங்கியலார் ‘மாபிங்’ என்பர். சுவீடனில் பணியாற்றிய ஹைன்ஸ் லேமன் என்ற உளவியல் அறிஞர், 1980-களில் இச்சொல்லை மனிதர்கள் வேலை செய்யும் இடங்களுக்கும் பயன்படுத்தினார். அங்கே அலகுகளும் நகங்களும் இல்லை. கேலி, வதந்தி, பேசாமை, பயனற்ற வேலை ஆகியவையே ஆயுதங்கள்.

லேமன் தம் நூல்களில் விவரித்த நிகழ்ச்சி ஒன்றைப் பாருங்கள். நார்வே நாட்டில் ஒரு பெரிய தொழிற்சாலை; அதில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பட்டறை. அங்கு லைஃப் என்று லேமன் புனைபெயரிட்ட ஒரு டென்மார்க்காரர் வேலை செய்தார். நல்ல தொழிலாளி, நல்ல சம்பளம். அவர் நார்வே மொழியை டேனிஷ் வாடையுடன் பேசுவதைத் தோழர்கள் கேலி செய்தனர். ஒருநாள் பொறுக்க முடியாமல் மேசையைக் குத்தி, ‘போதும் நிறுத்துங்கள்’ என்றார். அதற்குப் பிறகுதான் நிலைமை மோசமாயிற்று. பழுதே இல்லாத இயந்திரங்களைப் பழுது பார்க்கும்படி அவரை அனுப்பினர். அழைக்காத இடத்தில் அவர் வந்து நிற்பதைக் கண்டவர்களுக்கு அது யாரோ செய்த குறும்பு என்று தெரியாது. ‘பைத்தியக்கார டேன்’ என்ற பெயர் அவருக்கு ஏற்பட்டது. அச்சமும் உடல்நோவும் வந்தன, விடுப்புகள் தொடர்ந்தன. மேலாளர்கள் இவையெல்லாம் எப்படித் தொடங்கின என்று விசாரிக்காமல், அவரிடமே குறை இருப்பதாக முடிவு கட்டினர். கடைசியில் அவர் வேலையை இழந்தார்.

ஒரு கேலியால் மனிதன் உடைந்துவிடுவானா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கம்பியை ஒருமுறை வளைத்தால் முறிவதில்லை. திரும்பத் திரும்ப வளைத்தால் முறிகிறது. லேமனும் இத்தகைய அளவையே எடுத்துக்கொண்டார்: வாரம் ஒரு முறையேனும், ஆறு மாதங்களேனும் தொடர்ந்தால் அது மாபிங். (இது ஆராய்ச்சிக்கான எல்லை, ஆறு மாதம் காத்திருக்கச் சொல்லும் விதியன்று.) அபாயத்தைக் கண்டதும் மூளை கட்டளையிட, அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசால் முதலிய ஹார்மோன்களை வெளியிடுகின்றன. அபாயம் நீங்கினால் உடல் தணிகிறது. நாளைக் காலையும் அதே பட்டறைக்குப் போக வேண்டியவருக்கோ அபாயம் நீங்குவதே இல்லை. உறக்கம் கெடுகிறது, கவனம் சிதறுகிறது, வேலையில் தவறு நேர்கிறது. அந்தத் தவறே அவருக்கு எதிரான சான்றாகவும் ஆகிவிடுகிறது. காரணமும் விளைவும் இடம் மாறித் தோன்றும் இந்தச் சுழலே இதில் மிகக் கொடியது என்பது என் கருத்து.

லைஃப் போன்ற ஒருவர் தக்க காலத்தில் ஓர் உளவியல் ஆலோசகரிடம் வந்தால் என்ன நடக்கும்? முதலில் ஆலோசகர் வேலையைப் பற்றி முடிவெடுக்கச் சொல்லமாட்டார். எத்தனை மணி நேரம் உறங்குகிறீர்கள், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேராகவே கேட்பார். ஆம் என்றால் மருத்துவ உதவியே முதல் வேலை. உறக்கமற்றவருக்கு ராஜினாமா ஒன்றே வழியாகத் தோன்றும். ஆகவே அம்முடிவைச் சில வாரங்கள் தள்ளிவைக்கத் தூண்டுவார்.

அடுத்தது நாட்குறிப்பு. தேதி, நேரம், யார் சொன்னது, என்ன சொன்னது, உடனிருந்தவர் யார் என்பவை ஒரு பக்கம். தம் மனத்தில் தோன்றியது மறுபக்கம். ‘எல்லாரும் என்னை வெறுக்கிறார்கள்’ என்பது ஊகம். ‘திங்கள் காலை இன்னார் அனுப்பிய இடத்தில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது’ என்பது சான்று. பட்டறையின் வேலைச் சீட்டுகளே இதற்குச் சாட்சி சொல்லக்கூடும். எழுதும்போது, ஈடுபட்டவர்கள் மூவரோ நால்வரோதான் என்பதும் சிலசமயம் தெரியவரும்.

பிறகுதான் வழிகளை எடைபோடுவது. இர்விங் ஜானிஸ், லியான் மான் என்ற இருவர் 1977-இல் வெளியிட்ட நூலில் ஓர் இருப்புப் பட்டியலை விளக்கினர். ஒவ்வொரு வழிக்கும் நான்கு கேள்விகள்: எனக்கு லாப நஷ்டம் என்ன, என்னைச் சார்ந்தவர்களுக்கு என்ன, நான் என்னை மதிப்பேனா, பிறர் மதிப்பார்களா? லைஃப் ராஜினாமா செய்தால் அமைதி கிடைக்கும்; சம்பளம் போகும்; ‘பைத்தியக்காரன் ஓடிவிட்டான்’ என்ற பேச்சு நிலைக்கும். வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டால் சம்பளம் நிற்கும், ஆனால் கெட்ட பெயர் முன்னதாகவே அங்கு போய்ச் சேர்ந்திருக்கலாம். நேரே மேலாளரிடம் புகார் செய்தால், அவர் ஏற்கெனவே வதந்தியை நம்பியிருக்கக்கூடும். ஆகவே முதலில் தொழிலாளர் பாதுகாப்புப் பிரதிநிதியிடம் குறிப்புகளைக் காட்டி, அவரையும் உடன் அழைத்துக்கொண்டு எழுத்துமூலம் முறையிடுவது நடுவழி. எத்தனை நாளில் பதில் வராவிட்டால் அடுத்த அடி எடுப்பது என்பதையும் முன்பே குறித்துக்கொள்வார்கள். முடிவு லைஃபுடையது, ஆலோசகர் தராசைப் பிடிப்பவர் மட்டுமே.

ஆலோசகரின் கைக்கு எட்டாததும் உண்டு. பட்டறையை அவர் மாற்ற முடியாது. நோயாளியைத் தேற்றி அதே இடத்துக்கு அனுப்பினால் நோய் திரும்பும். ஆலோசகருக்குச் சம்பளம் தருவது அதே நிறுவனமாக இருந்தால், தாம் சொல்வதில் எது மேலாளருக்குப் போகும் என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும். சுவீடன் 1993-இல் வெளியிட்ட ஒரு விதி, இத்தகைய துன்புறுத்தலைத் தடுக்கும் பொறுப்பை முதலாளியின் மேல் சுமத்தியது. 2016-இல் அதற்குப் பதிலாக வந்த விதியும் அப்பொறுப்பை அவரிடமே வைத்தது.