திரைப்பிரதியிலிருந்து சட்டக விவரணத்திற்கு: மடுவக் காட்சியொன்றை முன்வைத்து ஒரு விளக்கம்

மலையகத் தோட்ட வாழ்வு திரைக்கு வந்த சந்தர்ப்பங்கள் மிகச் சில. வீ. பி. கணேசன் தயாரித்த 'புதிய காற்று' (1975) அவற்றுள் ஒன்று. இவ்வாழ்வைப் படமாக்க முனையும் இளைஞர்களின் பிரதிகள் பெரும்பாலும் உரையாடல்களின் தொகுதியாகவே அமைகின்றன. ஒளிப்பதிவாளர் எங்கு நிற்பது, பார்வையாளர் எதை முதலில் காண்பது என்பன அவற்றில் இல்லை. பிரதிக்கும் படப்பிடிப்புக்கும் இடையிலான இந்த இடைவெளியை நிரப்புவதே ஸ்டோரிபோர்ட். அதனை வரைவதற்கு முன்னர் ஒவ்வொரு சட்டகத்தையும் சொற்களால் விவரிக்கும் வரைவு ஒன்று தேவைப்படுகிறது. சத்யஜித் ரே 'பதேர் பாஞ்சாலி'யை (1955) முழுமையான திரைப்பிரதி இன்றி, குறிப்புகளையும் தாம் வரைந்த சித்திரங்களையும் கொண்டே உருவாக்கினார். ஓவியம் கைவராதவர்களுக்குச் சொல்வரைவே வழி.

எடுத்துக்காட்டாகப் பின்வரும் கற்பனைப் பகுதியைக் கொள்வோம்: "மாலை. கொழுந்து மடுவம். காமாட்சி கூடையை இறக்குகிறாள். கணக்கப்பிள்ளை நிறுத்து எழுதுகிறார். மூன்று கிலோ வெட்டப்படுகிறது. அவள் உள்ளம் குமுறுகிறது."

முதற்படி, காணக்கூடியதையும் காணமுடியாததையும் பிரிப்பதாகும். கூடை இறங்குவதைப் படமெடுக்கலாம். 'வெட்டப்படுகிறது' என்பதையோ 'உள்ளம் குமுறுகிறது' என்பதையோ அவ்வாறே எடுக்க இயலாது. எடை வெட்டப்படுவதைக் காட்ட வேண்டுமெனில் தராசின் முள்ளும் ஏட்டின் எண்ணும் தனித்தனியே தெரிய வேண்டும். யாருக்குத் தெரிகின்றன என்ற வினா அப்போது எழுகின்றது. இக்காட்சியில் தராசின் முகம் கணக்கப்பிள்ளையை நோக்கியும் அதன் முதுகு காமாட்சியை நோக்கியும் இருப்பதாகக் கொண்டால், உழைத்தவளுக்கு உழைப்பின் அளவு மறைக்கப்படும் உறவு ஒரு சொல்லுமின்றிச் சட்டகத்துள் வந்துவிடுகிறது.

இனி வரைவு:

சட்டகம் 1. தூரக்காட்சி. பெண்களின் வரிசைக்குப் பின்னால், அவர்களது தோள் உயரத்தில் கமரா. முன்னே மடுவம், அதற்கப்பால் தொழிற்சாலை லொறி. 4 விநாடி.

சட்டகம் 2. நடுத்தரக்காட்சி. இடப்புறம் காமாட்சி, வலப்புறம் கணக்கப்பிள்ளை. இடையே கொழுந்துச் சாக்குத் தொங்கும் தராசு. 5 விநாடி.

சட்டகம் 3. அண்மைக்காட்சி. கணக்கப்பிள்ளையின் தோளுக்கு மேலாகத் தராசு முகம். முள் 18இல் நிற்கிறது. 2 விநாடி.

சட்டகம் 4. அண்மைக்காட்சி. ஏடு, பேனா 15 என்று எழுதுகிறது. சட்டகத்துக்கு வெளியே குரல்: "தண்ணி மூணு." 3 விநாடி.

சட்டகம் 5. அண்மைக்காட்சி. காமாட்சியின் நெற்றியில் கூடைக் கயிறு அழுத்திய தடம். அவள் பார்வை வலப்புறம், தராசின் முதுகில். 4 விநாடி.

சட்டகம் 6. சட்டகம் 2இன் அமைப்பே. அவள் விலக, அதே இடத்திற்கு அடுத்தவள் வருகிறாள். 4 விநாடி.

மொத்தம் 22 விநாடி. ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற வழக்கமான கணக்கின்படி, நான்கைந்து வரிகள் கொண்ட இப்பகுதி பத்து விநாடியைத் தாண்டாது. விவரண நடையில் எழுதப்படும் நம் பிரதிகளுக்கு அக்கணக்குப் பொருந்துவதில்லை. மணிக்கூட்டைப் பார்த்தபடி ஒவ்வொரு செயலையும் நடித்துப் பார்த்தே நேரத்தைக் குறிக்க வேண்டும்.

மூன்றாம், நான்காம் சட்டகங்களின் வரிசை முக்கியமானது. ஏட்டை முதலிலும் முள்ளைப் பின்னரும் காட்டினால், கள்வனைக் கண்டுபிடிக்கும் துப்பறியும் கதையாகிவிடும். கணக்கப்பிள்ளையின் முகத்திற்கு அண்மைக்காட்சி தராததும் இதனாலேயே. அவரும் சம்பளத்திற்கு வேலை செய்பவர்தான். அவரது கடுமுகத்தைத் திரை நிறையக் காட்டும்போது சுரண்டல் ஒரு தீயவனின் குணமாகச் சுருங்குகிறது. தோட்ட நிர்வாகம் சட்டகத்திலிருந்து தப்பிவிடுகிறது. 'தண்ணி மூணு' என்பது அலுத்துப்போன குரலில், விதியை ஒப்புவிப்பதுபோல ஒலிக்க வேண்டும் என்பதையும் வரைவிலேயே குறிப்பது நன்று. ஓவியத்தில் குரல் தெரியாது.

தொழில்நுட்பத் தவறொன்று இங்கு எளிதில் நேரும். காமாட்சியையும் கணக்கப்பிள்ளையையும் இணைக்கும் கற்பனைக் கோட்டின் ஒரே பக்கத்தில் கமரா நிற்க வேண்டும். அது மறுபக்கம் போனால் அவள் இடப்புறம் பார்ப்பதாகத் தோன்றும். தராசை விட்டு முகம் திருப்பிக்கொண்டாள் என்று பார்வையாளர் கொள்வர். இதனைக் கண்டறிய, ஒவ்வொரு சட்டகத்தின் ஓரத்திலும் பார்வைத் திசையை அம்புக்குறியால் இட்டுத் தொடர்ச்சியாக நோக்கினால் போதும்.

கொழும்பில் மேசைமீது எழுதப்பட்ட வரைவு ஹட்டனில் அப்படியே நிறைவேறாது. மேசை சமதளம், மலை சரிவு. வரிசைக்குப் பின்னால் கமராவை வைக்க ஓரடி நிலமும் இல்லாதிருக்கலாம். மாலையில் மூடுபனி இறங்கினால் முதற்சட்டகத்தின் லொறி மறைந்துவிடும். ஆகவே எச்சட்டகத்தை மாற்றலாம், எதனை மாற்றவியலாது என்பதையும் வரைவில் குறித்துக்கொள்ள வேண்டும். இக்காட்சியில் லொறியைக் கைவிடலாம். தராசின் முதுகை மட்டும் கைவிட முடியாது.