எல்லை மாறிய மாவட்டமும் மாறாத எண்ணிக்கையும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைப் பற்றி எழுதப் புகும் ஒரு பத்திரிகை, "இத்தொழிற்பேட்டை அமைந்துள்ள திருவள்ளூர் மாவட்டத்தின் இன்றைய பரப்பு 3,422 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை 37 லட்சம்" என்று அச்சிட்டுவிடுமானால், அதைத் திருத்த முனையும் வாசகர் முதலில் அந்த வாக்கியத்தில் பிழை எங்கே இருக்கிறது என்பதை நிதானமாக ஆராய வேண்டும்.

பரப்பைப் பற்றி அவசரப்பட்டு ஆட்சேபம் எழுப்பலாகாது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இம்மாவட்டத்துக்கு 37,28,104 மக்களையும், சதுர கிலோமீட்டருக்கு 1,098 பேர் என்ற அடர்த்தியையும் கூறுகிறது. முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஏறக்குறைய 3,395 வருகிறதேயன்றி 3,422 வரவில்லை. அரசாங்கத் துறைகளின் அளவீடுகள் இவ்வாறு சிறிது வேறுபடுவது சகஜமாதலால், இதனைப் பெருங்குற்றமாகக் கொள்வது நியாயமன்று.

உண்மையான தவறு "இன்றைய" என்ற சொல்லில் இருக்கிறது. 2018-இல் சென்னை மாவட்டம் சுமார் 178 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விஸ்தரிக்கப்பட்டபோது, அம்பத்தூர், மாதவரம், மதுரவாயல், திருவொற்றியூர் வட்டங்கள் திருவள்ளூரிலிருந்து அதனுடன் சேர்ந்தன. ஆலந்தூரும் சோழிங்கநல்லூரும் காஞ்சிபுரத்திலிருந்து சென்றவை. எனவே திருவள்ளூர் இழந்த நிலம் 248 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. மக்கள்தொகை நஷ்டமோ அவ்வளவு சிறியதன்று. 2011-இல் அம்பத்தூர் நகரில் மட்டும் 4,66,205 பேரும், திருவொற்றியூர் நகரில் 2,49,446 பேரும் வசித்தனர். இவ்விரு நகரங்களே பழைய மாவட்டத்தின் ஜனத்தொகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. இவர்களையும் சேர்த்தெண்ணிய தொகையால் இன்றைய மருத்துவமனைப் படுக்கைகளையோ பள்ளிகளையோ வகுத்தால், மீந்திருக்கும் மாவட்டத்தில் தலைக்கு உள்ள வசதி மெய்யிலும் குறைவாகவே தோன்றும்.

ஆகவே ஆசிரியருக்கு எழுதும் திருத்தக் கடிதம் இவ்வாறு அமையலாம்:

"மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, தங்கள் இதழில் இன்ன தேதியில் இன்ன பக்கத்தில் வந்த கட்டுரை, திருவள்ளூர் மாவட்டத்தின் 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகையை இன்றைய தொகையாகக் கூறுகிறது. 37,28,104 என்பது 2018-க்கு முந்தைய எல்லைக்குரியது. நான்கு வட்டங்கள் பின்னர் சென்னையுடன் இணைந்துவிட்டன. மக்கள்தொகைக்கு 2011-ஆம் ஆண்டு மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டையும், எல்லைக்கு 2018-ஆம் ஆண்டு அரசாணையையும் ஆதாரமாகக் காட்டுகிறேன். ஆண்டையும் எல்லையையும் குறிப்பிட்டுத் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்."

கையேட்டின் பக்க எண்ணையும் அரசாணையின் எண்ணையும் தேதியையும் மூலத்தைப் பார்த்தே எழுத வேண்டும். மற்றொரு செய்தித்தாளை ஆதாரமாகக் காட்டினால், அதே பிழை அங்கும் இருந்திருக்கக்கூடும். புதிய தொகையைத் தாமே கழித்துக் காண விரும்புவோர், நகரத் தொகைகளை மட்டும் கழித்து நிறுத்தாமல், பிரிந்த நான்கு வட்டங்களில் அடங்கும் எல்லா நகரங்கள், கிராமங்களின் தொகையையும் கையேட்டிலிருந்து எடுத்துக் கூட்டிக் கழிக்க வேண்டும். அவ்வாறு கிடைக்கும் விடையும் 2011-இன் தொகையே.