ஏற்றமும் இறக்கமும் – 9: சிஸ்கோவின் கிடங்கு

விற்பனை குறையத் தொடங்கியதும் ஒரு நிறுவனம் முதலில் கை வைப்பது சரக்குக்கான ஆர்டரில். அடுத்தது ஆட்களில். இயந்திரங்களும் கட்டடங்களும் கடைசியில்தான். ஆர்டரை ஒரே நாளில் குறைத்துவிடலாம். ஆட்களைக் குறைக்க மாதங்கள் பிடிக்கும். பாதி கட்டிய தொழிற்சாலையை நிறுத்துவதென்றால் அதுவரை போட்ட பணமும் போய்விடும். தொழில் சுழற்சியில் சரக்கிருப்பு எல்லாவற்றுக்கும் முன்பாக ஆட்டம் காண்பது இதனால்தான்.

மீட்சி, செழிப்பு, மந்தம், அடிமட்டம் என்ற நான்கு கட்டங்களும் முந்தைய வாரங்களில் வந்துவிட்டன. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். இந்த வாரம் முதலீடு என்று அறிவிப்பு இருந்தது. ஆனால் கிடங்கைத் திறந்து பார்க்காமல் அங்கே போக வழியில்லை.

சரக்கிருப்பின் கணக்கு எளியதுதான், ஆனால் அதன் விடை வியப்பூட்டும். ஒரு மொத்த வியாபாரி மாதம் 100 பெட்டி விற்கிறார். இரண்டு மாத விற்பனைக்கு ஈடாக 200 பெட்டி எப்போதும் கிடங்கில் இருக்க வேண்டும் என்பது அவர் வழக்கம். ஒரு மாதம் விற்பனை 90 ஆக இறங்குகிறது. அந்த மாதத்துக்கான 100 பெட்டி ஏற்கெனவே வந்து இறங்கிவிட்டதால் மாதக் கடைசியில் இருப்பு 210. மாதம் 90 என்ற புதிய விற்பனைக்கு 180 போதும். 30 பெட்டி அதிகம். ஆகவே அடுத்த மாதத்துக்கு அவர் கேட்பது 90 அல்ல, 60. விற்பனை 10 சதவீதம்தான் குறைந்தது; ஆர்டரோ 40 சதவீதம் விழுந்துவிட்டது.

அவருக்குச் சரக்கு அனுப்பும் ஆலையும் இதே வழக்கத்தில் 200 பெட்டி வைத்திருக்கிறது. அந்த மாதமும் அது 100 பெட்டி தயாரித்துவிட்டது; வெளியே போனது 60. இருப்பு 240. இனி மாதம் 60தான் போகும் என்று ஆலை நினைத்தால் அதற்கு 120 போதும். அடுத்த மாதம் ஒரு பெட்டிகூடத் தயாரிக்காவிட்டாலும் தேவைக்கு மேல் மிஞ்சும் என்பதால் இயந்திரத்தை நிறுத்திவிடுகிறது. இதற்குள் வியாபாரியின் இருப்பு 180க்கு வந்து சேர்ந்துவிட்டது. அவர் மறுபடி 90 கேட்கிறார். ஆலையிலிருந்து 90 போனதும் அங்கே மிஞ்சுவது 150. மாதம் 90 விற்பனைக்கு 180 வேண்டுமே என்று ஆலை அதற்கடுத்த மாதம் 120 பெட்டி தயாரிக்கிறது.

கடையில் வாங்குபவரின் பக்கம் நடந்தது 100 என்பது 90 ஆகி அப்படியே நின்றது மட்டும். ஆலையின் பக்கம் 100, பிறகு சுழியம், பிறகு 120. விற்பனை ஒரு பெட்டிகூட ஏறாமலேயே ஆலையில் ஒரு மந்தமும் ஒரு மீட்சியும் நடந்து முடிந்துவிட்டன. யாரும் தவறாகக் கணக்குப் போடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அவரவர் கணக்கு அவரவருக்குச் சரி.

இது காகிதக் கணக்கு மட்டுமல்ல. பொருளியலாளர்கள் ஆலன் பிளைண்டரும் லூயி மக்கினியும் 1991இல் வெளியிட்ட கட்டுரை, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்க மந்தங்களை எடுத்துப் பார்த்தது. சராசரி மந்தத்தில் உற்பத்தி விழுந்த அளவில் 87 சதவீதம், சரக்கிருப்பில் போடும் பணம் குறைந்ததற்குச் சமமாக இருந்தது. மொத்தப் பொருளாதாரத்தில் சரக்கிருப்பில் போடும் பணத்தின் பங்கு மிகச் சிறியது. அந்தச் சிறு பங்குதான் இவ்வளவு ஆட்டம் போடுகிறது.

அமெரிக்காவின் பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனம் இதைக் குழந்தைகளின் டயப்பரில் கண்டது. குழந்தைகள் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் டயப்பரை நனைக்கின்றன. கடைகளின் விற்பனையும் பெரிதாக மாறவில்லை. ஆனால் விநியோகஸ்தர்களின் ஆர்டர் ஏறி இறங்கியது. நிறுவனம் தன் மூலப்பொருளுக்குக் கொடுத்த ஆர்டர் அதைவிடவும் ஏறி இறங்கியது. சாட்டையின் பிடியை லேசாக அசைத்தால் நுனி வீசிச் சுழல்வது போன்றது என்பதால் ‘சாட்டை விளைவு’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

சாட்டையின் நுனி எவ்வளவு தூரம் வீசும் என்பதற்கு சிஸ்கோவை விஞ்சிய உதாரணம் கிடைப்பது அரிது. இணையத்தின் போக்குவரத்தை வழிநடத்தும் ரூட்டர்களையும் ஸ்விட்சுகளையும் விற்கும் இந்த கலிஃபோர்னிய நிறுவனம், 2000 மார்ச்சில் சந்தை மதிப்பில் உலகின் முதல் நிறுவனமாகச் சிறிது காலம் இருந்தது. கணக்கை 24 மணி நேரத்துக்குள் முடித்துவிடும் மென்பொருள் தன்னிடம் இருப்பதாகப் பெருமையும் பேசிக்கொண்டது. பொருள்களில் பெரும்பகுதியைத் தானே தயாரிக்காமல் ஒப்பந்த உற்பத்தியாளர்களிடம் விட்டிருந்தது.

2000இல் உதிரிபாகங்களுக்குத் தட்டுப்பாடு. டெலிவரிக்கான காத்திருப்பு நீண்டது. காத்திருக்கப் பொறுக்காத வாடிக்கையாளர்கள் ஒரே தேவைக்கு சிஸ்கோவிடமும் அதன் போட்டி நிறுவனங்களிடமும் சேர்த்தே ஆர்டர் கொடுத்தார்கள். எது முதலில் வருகிறதோ அதை எடுத்துக்கொண்டு மற்றதை ரத்து செய்வது அவர்கள் திட்டம். சிஸ்கோவின் திரையில் இவை எல்லாமே உண்மையான தேவையாகத் தெரிந்தன. அதற்குக் கீழே இன்னொரு பெருக்கம். 10,000 சில்லு தேவைப்படும் ஒரே வேலையைப் பிடிக்க மூன்று ஒப்பந்த உற்பத்தியாளர்கள் போட்டி போட்டு, மூவரும் சில்லுக்கு முன்பதிவு செய்தால் சில்லு ஆலைக்குத் தெரிவது 30,000. கணக்கை ஒரே நாளில் முடித்துவிடும் மென்பொருளாலும் இதைப் பிரித்துக் காட்ட முடியாது. அது ஆர்டரைத்தான் எண்ணும். ஆர்டருக்குப் பின்னால் இருக்கும் அச்சத்தை எண்ணாது.

தட்டுப்பாட்டுக்கு அஞ்சி சிஸ்கோ உதிரிபாகங்களைப் பெருமளவில் முன்கூட்டியே வாங்குவதாக ஒப்பந்தங்கள் போட்டது. 2000 ஜூலை இறுதியில் அதன் கணக்கேட்டில் இருந்த சரக்கு சுமார் 120 கோடி டாலர். ஆறு மாதம் கழித்து, 2001 ஜனவரி இறுதியில், சுமார் 250 கோடி டாலர். இதே காலத்தில் காலாண்டு விற்பனை 570 கோடியிலிருந்து 675 கோடிக்குத்தான் ஏறியது. சரக்கு இரண்டு மடங்கு. விற்பனை ஐந்தில் ஒரு பங்குகூட ஏறவில்லை. ஆபத்தை முன்கூட்டியே காட்டக்கூடிய எண் ஒன்று உண்டென்றால் இதுதான்.

அந்த எண்ணையும் பார்த்தவுடன் நம்பிவிட முடியாது என்பதில்தான் சிக்கல். செழிப்புக் கட்டத்தில் நிறுவனங்கள் வேண்டுமென்றே சரக்கைச் சேர்க்கும். மந்தத்தின் தொடக்கத்தில் சரக்கு வேண்டாமலேயே சேரும். ஏட்டில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பிரித்தறிய ஆர்டரை விட்டுவிட்டு அதற்கும் கீழே பார்க்க வேண்டும்: ஆர்டர் ரத்தாகும் விகிதம் ஏறுகிறதா, வாடிக்கையாளர் முன்பு அனுப்பியதைப் பிரித்து மாட்டிவிட்டாரா, அவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது. சிஸ்கோவின் வாடிக்கையாளர்களில் பலர் கடனிலும் பங்கு வெளியீட்டிலும் ஓடிய புதிய தொலைத்தொடர்பு, இணைய நிறுவனங்கள். அந்தப் பணம் வற்றியதும் வரிசையாகத் திவாலானார்கள். அவர்கள் வாங்கிய கருவிகளே செகண்ட்ஹேண்டாக மலிவு விலைக்குச் சந்தைக்கு வந்து சிஸ்கோவின் புதுச் சரக்கோடு போட்டி போட்டன.

2001 ஏப்ரலில் முடிந்த காலாண்டில் விற்பனை 473 கோடி டாலர். மூன்றே மாதத்தில் 30 சதவீதம் சரிவு. நிறுவனம் சுமார் 225 கோடி டாலர் மதிப்புள்ள சரக்கையும் கொள்முதல் ஒப்பந்தங்களையும் நஷ்டக் கணக்கில் எழுதியது. ரூட்டர் அரிசியோ இரும்போ அல்ல, விலை ஏறும்வரை வைத்திருந்து விற்க. ஒரு வாடிக்கையாளருக்கென்று கட்டமைத்த பலகை இன்னொருவருக்குப் பொருந்தாது; அடுத்த மாடல் வந்துவிட்டால் பழையதைக் கேட்பாரில்லை. இப்படி மதிப்பிழந்ததாக எழுதிய சரக்கில் ஒரு பகுதியை சிஸ்கோ பிற்பாடு விற்றது. அப்போது அது அப்படியே லாபமாக வந்து சேர்ந்தது. அந்த ஆண்டுகளின் லாபத்தைப் படிப்பவர்கள் இதைக் கழித்துப் பார்ப்பது நல்லது.

ஆட்களின் கதை சற்றுத் தாமதமாக அதே வழியில் நடந்தது. 2000 ஜூலையில் சுமார் 34,000 பேர் இருந்த நிறுவனத்தில் 2001 தொடக்கத்தில் 44,000 பேர் இருந்தார்கள். சரக்கு தேங்கிக்கொண்டிருந்த அதே மாதங்களில் ஆளெடுப்பும் முழு வேகத்தில் நடந்திருக்கிறது. பிறகு சுமார் 8,500 வேலைகளைக் குறைப்பதாக அறிவிப்பு வந்தது. தற்காலிகப் பணியாளர்களும் அந்தக் குறைப்பில் அடக்கம். பொதுவாக நிறுவனங்கள் போகும் வரிசை ஏறக்குறைய மாறாதது. முதலில் ஓவர்டைம் நிற்கும், பிறகு தற்காலிக ஆட்கள் போவார்கள், பிறகு காலியிடங்களை நிரப்பமாட்டார்கள், கடைசியில்தான் நிரந்தர ஊழியர்கள் மீது கை வைப்பார்கள். தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த ஆளை அனுப்பிவிட்டு, சந்தை திரும்பியதும் வேறொருவரைத் தேடிப் பயிற்சி கொடுக்கும் செலவு முதலாளிக்குத் தெரியும். அதனால் மந்தம் சிறிது காலம்தான் என்று தோன்றினால் வேலை குறைந்தாலும் ஆளைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள்.

திரும்பி எடுப்பதிலும் இதே தயக்கம் உண்டு. அமெரிக்காவில் அந்த மந்தம் 2001 நவம்பரில் முடிந்தது. ஆனால் வேலையில் இருப்போரின் எண்ணிக்கை 2003 ஆகஸ்ட் வரை குறைந்துகொண்டே போனது. உற்பத்தி ஏறும்; ஆள் ஏறாது. இருக்கும் ஆட்களுக்கே வேலை நேரத்தைக் கூட்டிப் பார்த்து, தற்காலிகமாகச் சிலரை எடுத்துப் பார்த்து, அதுவும் போதாதபோதுதான் நிரந்தர வேலைக்கு விளம்பரம் வரும். ஆலைகளின் சராசரி வாராந்திர வேலை நேரத்தை வருவதை முன்னறிவிக்கும் குறியீடாகப் பொருளியலாளர்கள் பார்ப்பது இதனால்தான்.

எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று தெரிந்தால் இவ்வளவு தடுமாற்றம் இருக்காது என்று தோன்றலாம். அமெரிக்காவில் மந்தம் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று அதிகாரபூர்வமாகத் தேதி குறிப்பது தேசியப் பொருளாதார ஆய்வு மையத்தின் குழு. செழிப்பின் உச்சம் 2001 மார்ச்சிலேயே கடந்துவிட்டது, அப்போதிருந்து நாடு மந்தத்தில் இருக்கிறது என்று அந்தக் குழு அறிவித்தது 2001 நவம்பர் 26இல். பிறகு 2003 ஜூலை 17இல் அதே குழு, மந்தம் முடிந்த மாதத்தை அறிவித்தது. எந்த மாதம்? 2001 நவம்பர். மந்தம் வந்துவிட்டது என்ற அறிவிப்பு வெளியான மாதமே மந்தம் முடிந்த மாதமாகவும் இருந்திருக்கிறது. குழுவைக் குறை சொல்வதற்கில்லை. திருத்திய புள்ளிவிவரங்கள் வரும்வரை காத்திருந்து சரியாகச் சொல்வதுதான் அதன் வேலை. நிறுவனத்தை நடத்துபவருக்கு அந்த அவகாசம் இல்லை. அடுத்த மாத ஆர்டரை அவர் இன்றே கொடுத்தாக வேண்டும்.

சரக்கு, ஆள் என்ற இரண்டோடு பக்கம் நிறைந்துவிட்டது. விற்பனை ஏறும் வேகம் சற்றுத் தணிந்தாலே, விற்பனை குறையாமலே, இயந்திர ஆர்டர் ஏன் விழுகிறது என்பது அடுத்த வாரம். இம்முறை உறுதியாக முதலீடுதான்.