நாலரைக் கட்டைக்கு இரண்டு பெயர்

கீபோர்டில் எஃப், ஜி என்ற இரண்டு வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவே ஒரு கறுப்புக் கட்டை இருக்கிறது. மெல்லிசை மேடையில் பாடகர் ‘நாலரைக் கட்டை’ என்று சொன்னால், வாசிப்பவரின் விரல் நேராக அங்கே போய்விடும். அதே சுரத்தை மேற்கத்திய முறைப்படி தாளில் எழுதும்போதுதான் சிக்கல். அது எஃப்பை அரைப் படி ஏற்றிய எஃப் ஷார்ப்பா, ஜியை அரைப் படி இறக்கிய ஜி ஃப்ளாட்டா? பியானோவில் இரண்டும் ஒரே ஒலி. இப்படி ஒலியால் ஒன்றாகி எழுத்தால் வேறுபடுபவற்றை ‘என்ஹார்மோனிக்’ என்பார்கள். ஒலி ஒன்றுதானே, எதை எழுதினால் என்ன என்று மாணவர்கள் பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

டி மேஜர் ஸ்கேலைப் பாருங்கள்: டி, இ, எஃப் ஷார்ப், ஜி, ஏ, பி, சி ஷார்ப். ஏழு எழுத்துகளும் ஆளுக்கொரு முறை வந்துவிட்டன. மூன்றாவது சுரத்தை ஜி ஃப்ளாட் என்று எழுதினால் எஃப் காணாமல் போகும். ஜி இரண்டு முறை வரும். ஐந்து கோட்டுத் தாளில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் இடம்தான். ஆகவே ஒரே கோட்டில் ஜி ஃப்ளாட்டையும் சாதா ஜியையும் மாற்றி மாற்றி எழுத வேண்டிவரும். ஒவ்வொரு முறையும் ஒரு குறி போட வேண்டும். வாசிப்பவர் திணறிப்போவார். டி ஃப்ளாட் மேஜரில் கதை தலைகீழ்: டி ஃப்ளாட், இ ஃப்ளாட், எஃப், ஜி ஃப்ளாட், ஏ ஃப்ளாட், பி ஃப்ளாட், சி. எஃப் ஏற்கெனவே வந்துவிட்டதால், அடுத்தது ஜி ஃப்ளாட்டாகத்தான் இருக்க முடியும்.

கர்நாடக இசை கற்றவர்களுக்கு இது புதிதல்ல. கனகாங்கியில் சுத்த காந்தாரம் நிற்கும் இடத்தில்தான் வேறு பல மேளங்களில் சதுஸ்ருதி ரிஷபம் நிற்கிறது. பன்னிரண்டு இடங்களுக்குப் பதினாறு பெயர்கள் வைத்ததன் காரணமும் இதுவே: மேளத்தில் ச, ரி, க, ம, ப, த, நி ஏழும் ஒவ்வொன்றாக இடம்பெற வேண்டும்.

மேற்கில் பெயருக்கு இன்னொரு வேலையும் உண்டு. சுரம் அடுத்து எங்கே போகப்போகிறது என்பதை அது சொல்கிறது. ஏ ஃப்ளாட், சி, இ ஃப்ளாட் மூன்றையும் பிடித்து, மேலே நம் நாலரைக் கட்டையையும் சேர்த்து அழுத்துங்கள். அதை ஜி ஃப்ளாட் என்று எழுதினால், இது ஏ ஃப்ளாட் செவன்த் கார்டு. ஜி ஃப்ளாட் அரைப் படி இறங்கி எஃப்பில் அமரும், சி அரைப் படி ஏறும். இசை டி ஃப்ளாட் மேஜரில் போய் நிற்கும். அதே நான்கு கட்டைகள் சி மைனரில் நடக்கும் ஒரு பாட்டில் வந்து, எஃப் ஷார்ப் என்று எழுதப்பட்டிருந்தால், அதன் பெயர் ஜெர்மன் சிக்ஸ்த். இப்போது எஃப் ஷார்ப் அரைப் படி ஏறி ஜியைத் தொடும்; அடியில் இருக்கும் ஏ ஃப்ளாட் அரைப் படி இறங்கி இன்னொரு ஜியைத் தொடும். அங்கிருந்து இசை சி மைனருக்குத் திரும்பும். விரல்கள் அசையவே இல்லை, ஆனால் போகும் ஊர் மாறிவிட்டது. இசையமைப்பாளர்கள் ஒரு கீயிலிருந்து தொலைவான இன்னொரு கீக்குத் தாவ இந்த இரட்டைத் தன்மையைப் பயன்படுத்துகிறார்கள்.

இரண்டும் சரியாக இருக்கும் இடமும் உண்டு. எஃப் ஷார்ப் மேஜருக்கு ஆறு ஷார்ப். ஜி ஃப்ளாட் மேஜருக்கு ஆறு ஃப்ளாட். ஷோப்பன் தன் ‘பார்கரோல்’ படைப்பை முதல் வகையிலும், வலக்கை கறுப்புக் கட்டைகளிலேயே ஓடும் புகழ்பெற்ற எட்யூடை இரண்டாம் வகையிலும் எழுதினார். பாக் 1722இல் தொகுத்த நூலின் எட்டாம் எண்ணில், பிரெல்யூட் இ ஃப்ளாட் மைனரில் இருக்கிறது, அதன் ஃபியூக் டி ஷார்ப் மைனரில் இருக்கிறது. இங்கே முடிவு செய்வது பெரும்பாலும் வசதிதான். பி ஃப்ளாட் கிளாரினெட்டுக்கு ஒரு முழுப் படி ஏற்றி எழுத வேண்டும். ஜி ஃப்ளாட் மேஜர் கிளாரினெட் வாசிப்பவரின் தாளில் நான்கு ஃப்ளாட் உள்ள ஏ ஃப்ளாட் மேஜராகிவிடும். எஃப் ஷார்ப் மேஜரை அப்படியே ஏற்றினால் ஜி ஷார்ப் மேஜர். அதில் எஃப்புக்கு இரட்டை ஷார்ப் போட வேண்டும். எந்தக் கலைஞரும் அதை விரும்ப மாட்டார்.

இந்தப் பெயர்கள் வெறும் எழுத்து வழக்கமாகத் தோன்றியவையும் அல்ல. இன்றைய சம சுருதிக்கு முன் ஐரோப்பாவில் புழங்கிய மீன்டோன் சுருதியில் எஃப் ஷார்ப், ஜி ஃப்ளாட்டைவிடத் தாழ்ந்தே ஒலித்தது. சில பழைய கருவிகளில் ஜி ஷார்ப், ஏ ஃப்ளாட் இரண்டுக்கும் ஒரே கறுப்புக் கட்டையை இரண்டாகப் பிளந்து வைத்தார்கள்.

கணினிக்கு இந்த வேறுபாடு தெரியாது. மிடி முறையில் நடு சிக்கு மேலே உள்ள இந்தக் கட்டையின் எண் 66, அவ்வளவுதான். வாசித்ததை நோட்டேஷனாக மாற்றும் மென்பொருள் பெயரை ஊகித்துத்தான் போடுகிறது. எனவே அச்செடுக்கும் முன் தாளை ஒரு முறை பாருங்கள். ஒரே கோட்டில் ஃப்ளாட்டும் நேச்சுரலும் மாறி மாறி வந்தால், அல்லது மேலே ஏறும் சுரத்துக்கு ஃப்ளாட் போட்டிருந்தால், அந்த இடத்தில் பெயரை மாற்றிப் பாருங்கள். தேவையற்ற குறிகள் பல தாமாகவே மறைந்துவிடும்.