முதலில் யார்?

மலேசிய அரசாங்க மருந்தகங்களில் மருத்துவரைக் காணும் வரிசை எண் சீட்டை மட்டும் பொறுத்ததன்று. முகப்பில் உள்ள தாதி முதலில் அறிகுறிகளைக் கேட்டறிகிறார். நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் அளக்கிறார். பின்னர், நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிக்கிறார்.

சளியும் இலேசான காய்ச்சலும் உள்ள மாணவன் பச்சைப் பிரிவில் காத்திருக்கலாம். அவனுக்குப் பின் வந்த பெண்ணுக்கோ நான்கு நாள் காய்ச்சல் தணிந்துவிட்டது. ஆயினும், கடும் வயிற்றுவலியும் ஓயாத வாந்தியும் இருப்பதாக அவர் கூறுகிறார். இவை டிங்கிக் காய்ச்சலின் எச்சரிக்கை அறிகுறிகள். காய்ச்சல் தணியும் வேளையில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, இரத்த அழுத்தம் சரியக்கூடும். எனவே, தாதி அவரை முதலில் அனுப்புகிறார்.

காத்திருப்பவரின் நிலையும் மோசமாகலாம். மயக்கமோ மூச்சுத்திணறலோ ஏற்பட்டால் உடனே தாதியிடம் தெரிவிக்க வேண்டும். அவர் மீண்டும் சோதித்துப் பிரிவை மாற்றுவார்.