சோடியற்ற படங்களைக் கொண்டு ஒளிப்படத்தை ஓவியமாக மாற்றுதல் – சைக்கிள்கான் முறை

ஒரு கணினிக்கு ஒளிப்படத்தை ஓவியமாக மாற்றக் கற்பிக்க வேண்டும் எனக் கொள்வோம். ஓர் இடத்தின் ஒளிப்படத்தையும் அதே இடத்தை ஓவியர் வரைந்த படத்தையும் அருகருகே வைத்து, "இது இவ்வாறு மாற வேண்டும்" எனக் காட்டுவதே இலகுவான வழியாகத் தோன்றும். இவ்வாறான இரு படங்களும் சேர்ந்து ஒரு சோடி எனப்படும்.

ஆனால் பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனே (1840–1926) 1870 களில் சீன் நதிக்கரையில் நின்று வரைந்தபோது, அதே இடத்தில் அதே கணத்தில் எவரும் வர்ண ஒளிப்படம் எடுத்து வைக்கவில்லை. எனவே சோடிகள் கிடைக்கமாட்டா. எம்மிடம் இருப்பவை இரண்டு தனித்தனித் தொடைகள் மட்டுமே. ஒன்றில் மொனேயின் ஓவியங்கள் உள்ளன. மற்றையதில் எங்கோ எவரோ எடுத்த நிலக்காட்சி ஒளிப்படங்கள் உள்ளன. இவ்விரண்டிலிருந்தும் மாற்றத்தைக் கற்கும் முறையை அமெரிக்காவின் பெர்க்லி, கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களான ஜுன்-யான் சூ, டேசுங் பார்க், பிலிப் ஐசோலா, அலெக்ஸி எப்ரோஸ் ஆகியோர் 2017 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதுவே சைக்கிள்கான் ஆகும்.

1. உருவாக்கியும் பிரித்தறிவானும்

ஒளிப்படங்களின் தொடையை X எனவும் ஓவியங்களின் தொடையை Y எனவும் கொள்வோம். ஒளிப்படம் x ஐப் பெற்று ஓவியம் போன்ற படத்தைத் தரும் வலையமைப்பு உருவாக்கி எனப்படும். அதனை G என்போம். கணிதத்தில் நீங்கள் கற்ற சார்பைப் போலவே, x ஐ உள்ளீடு செய்தால் G(x) வெளியீடாகக் கிடைக்கும்.

G(x) சரியானதா என ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு எம்மிடம் விடைப்படம் இல்லை. ஆகையால் இரண்டாவது வலையமைப்பொன்று பயன்படுத்தப்படுகின்றது. அது பிரித்தறிவான் எனப்படும். அதற்கு ஒரு தடவை மொனேயின் உண்மையான ஓவியமும் மறுதடவை G உருவாக்கிய படமும் காட்டப்படும். எது உண்மை, எது உருவாக்கப்பட்டது எனக் கூறுவதே அதன் வேலை. பிரித்தறிவானை ஏமாற்ற G முயலும். ஏமாறாதிருக்கப் பிரித்தறிவான் முயலும். இப்போட்டியினால் இரண்டும் படிப்படியாகத் தேர்ச்சி பெறும்.

சைக்கிள்கானின் பிரித்தறிவான் முழுப்படத்தையும் ஒரே தடவையில் தீர்மானிப்பதில்லை. படத்தின் 70 × 70 படப்புள்ளிகள் கொண்ட பகுதிகளைத் தனித்தனியே சோதிக்கின்றது. தூரிகைத் தடம், அருகருகே உள்ள வர்ணங்களின் சேர்க்கை ஆகியவற்றை அறிய இவ்வளவு பரப்புப் போதுமானதாகும்.

2. பிரித்தறிவான் மட்டும் போதாதது ஏன்?

பிரித்தறிவான் கேட்பது ஒரே வினாவைத்தான்: "இது மொனேயின் ஓவியம் போல இருக்கின்றதா?" "இது தரப்பட்ட ஒளிப்படத்தின் ஓவியமா?" என அது கேட்பதில்லை. எனவே G ஒரு குறுக்குவழியைக் கண்டுபிடிக்கலாம். பாலத்தின் ஒளிப்படத்தைக் கொடுத்தாலும் மலையின் ஒளிப்படத்தைக் கொடுத்தாலும் அழகான ஒரே அல்லிக்குளத்தை வரைந்து தரலாம். பிரித்தறிவானும் ஏமாறக்கூடும். ஆனால் எமக்கு வேண்டியது அதுவன்று.

இதனைத் தடுக்க ஆய்வாளர்கள் எதிர்த்திசையில் இன்னோர் உருவாக்கியைச் சேர்த்தனர். அதனை F என்போம். F ஓவியத்தைப் பெற்று ஒளிப்படத்தைத் தரும். அதற்கும் தனியான ஒரு பிரித்தறிவான் உண்டு. பின்னர் ஒரு நிபந்தனை விதிக்கப்பட்டது.

ஒளிப்படத்தை ஓவியமாக்கி மீண்டும் ஒளிப்படமாக்கினால்: F(G(x)) ≈ x
ஓவியத்தை ஒளிப்படமாக்கி மீண்டும் ஓவியமாக்கினால்: G(F(y)) ≈ y

தமிழிலிருந்து சிங்களத்திற்கு மொழிபெயர்த்த கடிதத்தை, மூலத்தைக் காணாத இன்னொருவர் மீண்டும் தமிழாக்கும்போது ஏறத்தாழ முதற் கடிதமே கிடைத்தால், இடையில் பொருள் தொலையவில்லை என நாம் கொள்ளலாம். இங்கும் அவ்வாறேயாகும். எல்லா ஒளிப்படங்களும் ஒரே அல்லிக்குளமாக மாறியிருந்தால், பாலம் எது, மலை எது என F இனால் மீட்க முடியாது. எனவே G பாலத்தைப் பாலமாகவே வைத்து வரையவேண்டியதாகின்றது. புறப்பட்ட இடத்திற்கே திரும்பும் இச்சுழற்சியே இம்முறையின் பெயருக்குக் காரணமாகும்.

3. சுழற்சி இழப்பைக் கணித்தல்

திரும்பிவந்த படம் முதற்படத்திலிருந்து எவ்வளவு வேறுபடுகின்றது என்பதைக் காட்டும் எண் சுழற்சி இழப்பு எனப்படும். ஒத்த படப்புள்ளிகளின் பெறுமானங்களுக்கு இடையிலான வித்தியாசங்களைக் குறியைக் கருதாது எடுத்து, அவற்றின் சராசரியைக் காணவேண்டும்.

உதாரணம்: நான்கு படப்புள்ளிகள் மட்டும் கொண்ட சாம்பல் நிறப் படம் x இன் பெறுமானங்கள் 120, 130, 200, 90 ஆகும்.

அ) திரும்பிவந்த பெறுமானங்கள் 118, 133, 196, 93 எனின், வித்தியாசங்கள் 2, 3, 4, 3. இழப்பு = 12 ÷ 4 = 3.

ஆ) திரும்பிவந்த பெறுமானங்கள் 60, 180, 150, 140 எனின், வித்தியாசங்கள் 60, 50, 50, 50. இழப்பு = 210 ÷ 4 = 52.5.

(ஆ) இல் மூலப்படத்தின் விபரம் இடைவழியில் தொலைந்துவிட்டது. இழப்பு அதிகமாக இருப்பதனால் G, F ஆகிய இரண்டினதும் உள்ளமைப்பு எண்கள் திருத்தப்படும். மூல ஆய்வில் சுழற்சி இழப்பு 10 ஆல் பெருக்கப்பட்டே, இரு பிரித்தறிவான்களிடமிருந்தும் வரும் இழப்புகளுடன் கூட்டப்பட்டது. ஏமாற்றுவதிலும் பார்க்க மூலத்தைப் பேணுவதற்குக் கூடிய நிறை வழங்கப்பட்டது என்பது இதன் பொருளாகும்.

இங்கு இன்னுமொரு குறை எஞ்சியிருந்தது. பகற்காட்சியை மாலைக்காட்சியாக G மாற்றி, மாலைக்காட்சியைப் பகற்காட்சியாக F மாற்றினாலும் சுழற்சி நிறைவேறும். இழப்பும் குறைவாகவே இருக்கும். உண்மையில், மொனே வரைந்த பகற்காட்சிகள் மாலை நேர ஒளிப்படங்களாக மாறுவதை ஆய்வாளர்கள் அவதானித்தனர். ஆகவே ஓவியம் y ஐ G இற்கே கொடுத்தால், "இது ஏற்கெனவே ஓவியம்" என அதனை மாற்றாது தரவேண்டும், அதாவது G(y) ≈ y, எனும் நிபந்தனையையும் சேர்த்தனர். ஒளிப்படத்தை F இற்குக் கொடுக்கும்போதும் இவ்வாறேயாகும். இது சர்வசமன் இழப்பு எனப்படும். இதனால் வர்ணங்கள் காரணமின்றி மாறுவது குறைந்தது.

4. தேவையான பயிற்சித் தரவு

சோடிகள் வேண்டியதில்லை என்பதனால் எந்தப் படத்தையும் சேர்க்கலாம் எனக் கருதுதல் தவறாகும். இரு தொடைகளுக்கும் இடையில் எவ்வேறுபாடு உள்ளதோ, அவ்வேறுபாட்டையே வலையமைப்புக் கற்கும். எமக்கு வேண்டிய வேறுபாடு எது, வேண்டாதது எது என்பது அதற்குத் தெரியாது.

மூல ஆய்வில் 6853 ஒளிப்படங்களும் மொனேயின் 1074 ஓவியங்களும் பயன்படுத்தப்பட்டன. வான் கோவின் பாணிக்கு 401 ஓவியங்கள் மட்டுமே இருந்தன. படங்கள் யாவும் 256 × 256 படப்புள்ளிகள் எனும் அளவுக்கு மாற்றப்பட்டன. இரு தொடைகளின் எண்ணிக்கைகளும் சமனாக இருக்கவேண்டியதில்லை. ஆய்வாளர்கள் வெளியிட்ட நிரலில், பெரிய தொடை ஒரு தடவை முடியும்வரை சிறிய தொடை மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்படும். 6853 ÷ 1074 ≈ 6.4 ஆதலால், ஒரு சுற்றில் ஒவ்வோர் ஓவியமும் சராசரியாக ஆறு தடவைகளுக்கு மேல் வரும். இவ்வாறு 200 சுற்றுகள் பயிற்சி வழங்கப்பட்டது.

எண்ணிக்கையிலும் பார்க்கத் தெரிவே முக்கியமானது. ஒளிப்படத் தொடையில் நிலக்காட்சிகள் தெரிந்தெடுக்கப்பட்டு, கறுப்பு வெள்ளைப் படங்கள் நீக்கப்பட்டன. மொனேயின் ஓவியங்களிலும் நிலக்காட்சிகளே வைத்துக்கொள்ளப்பட்டன. வான் கோவின் பிற்கால ஓவியங்கள் மட்டுமே சேர்க்கப்பட்டன; அவருடைய பாணி தெளிவாகத் தெரிவது அவற்றிலேயே ஆகும். இரு பக்கத்திலும் பொருள் ஒத்திருந்து, வரைந்த விதம் மட்டும் வேறுபட்டால், வலையமைப்பு வரைந்த விதத்தைக் கற்கும்.

5. தவறுகளை இனங்காணல்

உருவாக்கியும் பிரித்தறிவானும் போட்டியிடுவதனால் அவற்றின் இழப்புகள் ஏறியும் இறங்கியும் செல்லும். அவ்வெண்களை மட்டும் வைத்துப் பயிற்சி வெற்றியா எனக் கூற முடியாது. பயிற்சியில் சேர்க்காத ஒளிப்படங்களைக் கொடுத்து, மூலப்படம், ஓவியம், திரும்பிவந்த படம் ஆகிய மூன்றையும் அருகருகே பார்க்கவேண்டும். மேற்கூறிய நிரல், A எனும் தொடையிலுள்ள ஒரு படத்திற்கு இம்மூன்றையும் real_A, fake_B, rec_A எனும் பெயர்களில் காட்டும்.

வெவ்வேறு ஒளிப்படங்களுக்கு ஒரேவிதமான ஓவியங்களே வந்தால் சுழற்சி நிபந்தனை வேலை செய்யவில்லை எனலாம். ஓவியத்தில் காணப்படாத சிறு விபரங்கள் திரும்பிவந்த படத்தில் மட்டும் தோன்றினாலும் ஐயுறவேண்டும். செய்மதிப் படங்களைத் தெருப்படங்களாக மாற்றும் பயிற்சியில், கண்ணுக்குத் தெரியாத மிகச்சிறு பெறுமான மாற்றங்களாக G விபரங்களை ஒளித்துவைத்து, F அவற்றை வாசித்ததை 2017 இல் வேறு ஆய்வாளர்கள் காட்டினர்.

இம்முறை வர்ணத்தையும் மேற்பரப்பையும் நன்கு மாற்றும். வடிவத்தை மாற்றுவதில் பெரும்பாலும் தோல்வியுறும். நாயைப் பூனையாக்க முயன்றபோது மிகச் சிறிய மாற்றமே கிடைத்தது. குதிரையை வரிக்குதிரையாக்கும் பரிசோதனையில், குதிரைமேல் இருந்த மனிதருக்கும் வரிகள் விழுந்தன. பயிற்சிப் படங்களில் குதிரைமேல் ஆள் இருக்கும் காட்சி இல்லாமையே அதற்குக் காரணமாகும்.

மாதிரி வினா

மாணவர் ஒருவர் நண்பகலில் எடுத்த 600 கடற்கரை ஒளிப்படங்களையும், சட்டமிடப்பட்ட 500 மாலைநேரக் கடல் ஓவியங்களின் படங்களையும் கொண்டு பயிற்சி வழங்கினார். வெளியீடுகள் யாவற்றிலும் வானம் செம்மஞ்சளாகவும் ஓரங்களில் மரச்சட்டம் போன்ற கோடுகளும் காணப்பட்டன. காரணத்தையும் திருத்தத்தையும் தருக.

விடை

இரு தொடைகளும் பாணியில் மட்டுமன்றி, நேரத்திலும் சட்டத்திலும் வேறுபடுகின்றன. சட்டமில்லாத படத்தையும் நீல வானத்தையும் பிரித்தறிவான் எளிதில் "ஓவியமன்று" எனக் கண்டுகொள்ளும். எனவே G சட்டத்தையும் செவ்வானத்தையும் வரையக் கற்றது. சுழற்சி நிபந்தனை இதனைத் தடுக்காது; F சட்டத்தை அகற்றி வானத்தை நீலமாக்கக் கற்றுக்கொள்ளும். சர்வசமன் இழப்பைச் சேர்த்தாலும் தரவிலுள்ள இவ்வேறுபாடு நீங்காது. திருத்தம்: ஓவியப் படங்களில் சட்டத்தை வெட்டி நீக்குக. இரு தொடைகளிலும் பகற்காட்சிகளும் மாலைக்காட்சிகளும் ஏறத்தாழ ஒத்த விகிதத்தில் அமையுமாறு படங்களைத் தெரிவுசெய்து, மீண்டும் பயிற்சி வழங்குக.

பயிற்சி வினாக்கள்

1. பிரித்தறிவான் மட்டும் இருந்து F இல்லாவிடின் G எவ்வாறான குறுக்குவழியைக் கையாளலாம்?
2. x இன் பெறுமானங்கள் 80, 100, 150, 210 உம் F(G(x)) இன் பெறுமானங்கள் 84, 95, 152, 205 உம் எனின், சுழற்சி இழப்பைக் காண்க. (விடை: 4)
3. மொனேயின் உருவப்பட ஓவியங்களையும் நிலக்காட்சி ஒளிப்படங்களையும் கொண்டு பயிற்சி வழங்கினால் எழக்கூடிய பிரச்சினையை விளக்குக.